டிரெய்லர் திரும்பும்போது மனசுக்குள்ள ஆறு எண்ணுங்க

எங்க நிலத்துல ஒரு வரப்பு மூலை இருக்கு. களத்து மேட்டுக்கு டிராக்டர் திரும்புற இடம். அங்க நட்டு வச்ச மூலைக்கல்லு இதுவரைக்கும் ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் உடைச்சது டிராக்டர் சக்கரம் இல்ல, பின்னாடி வர்ற டிரெய்லர் சக்கரம். முன்னாடி இன்ஜின் மூலையைத் தாண்டி சுத்தமா திரும்பிடும். பின்னாடி வர்றது அதே தடத்துல வராது, உள்பக்கமா ஒரு அடி, ஒன்றரை அடி வெட்டிக்கிட்டு வரும். மாட்டுவண்டி ஓட்டின காலத்துலேயே எங்கப்பா சொல்வார், "முன்னாடி பார்த்து ஓட்டாதடா, பின்சக்கரத்தை நினைச்சு ஓட்டு"ன்னு.

இவ்வளவும் தெரிஞ்ச நான்தான், காத்திவாக்கம் போற வழியில ஒரு கன்டெய்னர் டிரெய்லர்கிட்ட மாட்டிக்கிட்டேன்.

எங்க அக்காவை அங்கதான் கட்டிக் கொடுத்திருக்கு. மீஞ்சூர் பக்கத்துல இருந்து அறுவடை முடிஞ்ச கீரை, கொஞ்சம் அரிசின்னு எக்ஸ்எல் வண்டியில கட்டிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது போவேன். அந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்துக்கும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும், காட்டுப்பள்ளிக்கும் போற வர்ற கன்டெய்னர் எல்லாம் அந்தச் சில ரோட்டுலதான் ஓடணும். மணலியில எம்.எஃப்.எல். சந்திப்புல நின்னு பார்த்தா, லாரிக்கு நடுவுல மனுஷன் போறானா, மனுஷனுக்கு நடுவுல லாரி போகுதான்னு சொல்ல முடியாது.

அன்னைக்கு எனக்கு முன்னாடி போன டிரெய்லர் ஒரு சந்திப்புல வேகம் குறைஞ்சு, லேசா வலப்பக்கம் ஒதுங்குச்சு. இடப்பக்கம் நல்லா வழி கிடைச்சுது. 'நமக்கு வழி விடுறாரு'ன்னு நினைச்சு உள்ள பூந்தேன். அவர் விடல. இடப்பக்கம் திரும்புறதுக்காக இடம் எடுத்தார். நீளமான வண்டி இடது பக்கம் திரும்பணும்னா முதல்ல வலது பக்கம் ஒதுங்கித்தான் ஆகணும். நானும் டிராக்டர்ல அதைத்தான் செய்யறேன். ஆனா எக்ஸ்எல்ல உட்கார்ந்தா அந்தப் புத்தி வரல.

கன்டெய்னர் சுவர் அப்படியே என்மேல சாய்ஞ்சு வர்ற மாதிரி வந்துச்சு. வண்டியைப் போட்டுட்டு நடைமேடைப் பக்கம் குதிச்சேன். கீரை மூட்டை மேல சக்கரம் ஏறிப் போச்சு. வண்டியோட ஃபுட்ரெஸ்ட் வளைஞ்சதோட சரி. அந்தப் பச்சை நிறம் தார்ல அரைஞ்சு கிடந்ததைப் பார்த்ததும் கால் நடுங்கினது அரை மணி நேரம் நிக்கல.

கொஞ்ச தூரத்துலேயே டிராஃபிக்ல அந்த வண்டி நின்னுச்சு. போய் நல்லா கத்தினேன். டிரைவர் தென்காசிப் பக்கத்துக்காரர், என் பையன் வயசு. முழிச்சுக்கிட்டு நின்னார். "ஐயா, நீங்க அங்க இருந்ததே எனக்குத் தெரியாது" அப்படின்னார். நான் நம்பல. பிறகு வண்டியை ஓரங்கட்டிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்க ஐயா"ன்னார். ஏறினேன்.

டிரைவர் சீட் வலப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேல. என் எக்ஸ்எல்லை இடது கதவுக்குக் கீழே நிறுத்தச் சொல்லியிருந்தேன். கண்ணாடியிலயும் தெரியல, ஜன்னல்லயும் தெரியல. வண்டி மூக்குக்கு நேர் முன்னாடி ஒரு பையன் நின்னான், அவன் தலைமுடிகூடத் தெரியல. "திரும்பும்போது இதைவிட மோசம் ஐயா. முன்வண்டி திரும்பிடும், பெட்டி திரும்பாது. இடது கண்ணாடி முழுக்கப் பெட்டிச் சுவருதான் தெரியும்"ன்னார். முன்னெல்லாம் இடது சீட்டுல கிளீனர் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி 'வரலாம், நில்லு'ன்னு தட்டுவான். இப்ப பல வண்டியில கிளீனர் கிடையாது, செலவு மிச்சம். துறைமுக வாசல்ல மணிக்கணக்கா வரிசையில நின்னுட்டு, தூக்கமில்லாம தனியா ஓட்டுறாங்க. நடைக்கு இவ்வளவுன்னுதான் கூலி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நாற்பது அடிப் பெட்டி, முன்வண்டியோட சேர்த்தா ஐம்பது அடிக்கு மேல. மூலையில அது மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்துல திரும்பினா, ஒரு நொடிக்கு ஒன்பது அடி நகரும். முழுசா கடந்து போக ஆறு நொடி. என் டிராக்டர் டிரெய்லர் ஒன்றரை அடி உள்ளே வெட்டினா, இது ஒரு ஆள் படுக்குற நீளத்துக்கு மேலயே வெட்டும். அந்த இடத்துலதான் நாம ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், பல வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு திருப்பத்துலதான் சைக்கிள்ல போய் இடது காலை இழந்தார். பின்சக்கரம். அவர் கிடந்தப்போ சுத்தி நின்ன கூட்டம் ரொம்ப நேரம் தொடலியாம், போலீஸ் கேஸ் ஆகிடும்னு. அந்தப் பயம் இப்ப வேண்டாம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துலயும் அதோட விதிகள்லயும், உதவி செஞ்சவங்க மேல வழக்கு போடக்கூடாது, பேர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு இருக்கு. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு பார்க்குது. மாமாவுக்கு அப்ப இது ரெண்டும் இல்ல.

2022-ல மட்டும் நம்ம மாநிலத்துல ரோட்டுல செத்தவங்க 17,884 பேர். நாளைக்கு 49. எங்க ஊர்ல தெருவுக்கு அவ்வளவு வீடு இல்ல. தினம் ஒரு தெருவே காலி ஆகுது.

என் கட்சி இதுதான். டிரைவரை அடிக்கப் பாயறதுல ஒண்ணும் ஆகாது. இடது சீட்டுல ஒரு ஆள் இருக்கணும், இல்லன்னா அந்தப் பக்கம் கேமராவாவது இருக்கணும். கன்டெய்னர் விலையில அது ஒரு தூசு. சக்கரத்துக்கு உள்ளே ஆள் விழாம இருக்க பக்கவாட்டுல தடுப்புக் கம்பி வைக்கணும்னு விதியே இருக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில நின்னு எண்ணிப் பாருங்க, எத்தனை வண்டியில அது வளைஞ்சும் உடைஞ்சும் தொங்குதுன்னு. லாரி நிக்க தனி இடம் கொடுக்காம ரோட்டு ஓரத்துல வரிசை கட்ட விட்டா, டூவீலர் போற வழியும் அதோட போயிடுது.

அதெல்லாம் வர்ற வரைக்கும் நான் ஒண்ணு பண்றேன். டிரைவர் முகம் அவர் கண்ணாடியில எனக்குத் தெரியலைன்னா, நானும் அவருக்குத் தெரியலைன்னு எடுத்துக்கறேன். பெரிய வண்டி வலப்பக்கம் ஒதுங்கி இடப்பக்கம் வழி விட்டா, அது வழி இல்லைன்னு நினைச்சு பின்னாடியே நின்னுடறேன். கடைசிச் சக்கரம் மூலையைத் தாண்டுற வரைக்கும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணறேன். பின்னாடி நிக்கிறவங்க ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

ஹெல்மெட்டும் போடறேன். ஆனா அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி ஹெல்மெட்டும் கீரைக்கட்டும் ஒண்ணுதான்னு கண்ணால பார்த்துட்டேன்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போனப்போ லேட்டு. "ஏன் இவ்வளவு நேரம்?"னு மாமா கேட்டார். எண்ணிக்கிட்டே வந்தேன்னேன். அவர் தன் காலைத் தடவிக்கிட்டே, "ஆறு வரைக்கும் எண்ணினா போதும்டா"ன்னார்.