இப்னு பதூதாவின் ஆண்டைத் திருத்த நமக்கு யார் உரிமை தந்தது?

எங்கள் ஊர்ச் சிறப்பு மலருக்காக இப்னு பதூதாவின் பயணக் கதையைத் தமிழாக்கும் காக்கா ஒருவர் நேற்று என்னோடு கோபித்துக்கொண்டார். மூலத்தில் ஹிஜ்ரி 732 என்று இருந்த இடத்தில் அவர் 730 என்று மாற்றியிருந்தார், குறிப்பு ஒன்றும் இல்லாமல். "பிழையை அப்படியே அச்சடிச்சா நம்மளத்தான் சிரிப்பாங்க" என்றார்.

பிழை இருப்பது உண்மைதான். 732இல் ஹஜ் முடித்துப் புறப்பட்டதாக இப்னு பதூதா சொல்கிறார். 734 முஹர்ரம் முதலாம் நாள் சிந்து நதியை அடைந்ததாகவும் சொல்கிறார். ஹஜ் துல்ஹஜ் மாதத்தில் என்பதால் இடையில் இருப்பது 733 என்ற ஒரே ஆண்டு. அதற்குள் எகிப்து, சிரியா, துருக்கி, கிரிமியா, கொன்ஸ்தாந்திநோபிள், மத்திய ஆசியா எல்லாம் போயிருக்கிறார்! போதாக்குறைக்கு, ஒரு ரமழானைத் துருக்கியிலும், அடுத்த நோன்புப் பெருநாளை உஸ்பெக் கானின் முகாமிலும் கழித்ததாக அவரே சொல்கிறார். ஒரே ஆண்டில் இரண்டு ரமழானா?

ஆனால் எந்த எண் பிழை? ஹஜ் ஆண்டை 730க்குத் தள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. 732ஐ ஏற்று இந்தியா வந்த தேதியைப் பின்தள்ளுபவர்களும் உண்டு. காக்கா இதில் ஒரு பக்கத் தீர்ப்பை எழுதிவிட்டு, அதை இப்னு பதூதாவின் வாயில் வைத்துவிட்டார். நாளை ஒரு மாணவன் வேறு நூலில் 732ஐப் பார்த்தால் நம் மலரைத்தான் பிழை என்பான்.

நூலாசிரியரிடம் கேட்க வழியில்லை. அவர் சொல்லச் சொல்ல, ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸைய் எழுதி முடித்தது ஹிஜ்ரி 756இல். பயணத்துக்கு இருபது வருடங்களுக்கு மேல் கழித்து! எனவே நினைவுப் பிழையா, எழுதியவர் பிழையா, பிரதி செய்தவர் பிழையா என்று நம்மால் சொல்ல முடியாது.

நம்மால் முடிந்தது ஒன்றுதான். காக்கா வைத்திருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. முதலில் அதை இன்னொரு மொழிபெயர்ப்போடும் அரபு அச்சுப் பிரதியோடும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் வேறு எண் என்றால் அது அச்சுப்பிழை, திருத்தலாம், திருத்தியதைச் சொல்லிவிட்டு. எல்லாவற்றிலும் 732 என்றால் மேலே 732தான். அடியில் இப்படி: "மூலத்தில் 732. பின்வரும் இரண்டு ரமழான்களோடும் 734 முஹர்ரமோடும் இது பொருந்தவில்லை. சிலர் 730 என்பர். சிலர் 734ஐயே பிழை என்பர்."

"மலரில் அடிக்குறிப்பு யார் வாசிப்பாங்க?" என்று காக்கா கேட்கிறார். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு ரமழான் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் எழும்பி உட்கார்ந்தார்கள். மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த 730ஐ எடுத்துவிடுங்கள் காக்கா, அடிக்குறிப்பை நான் தட்டச்சு செய்து தருகிறேன்.