‘வந்தா’ என்பது பிழையா?

மொழித்தேர்வுக்காகத் தமிழ் கற்க வரும் பிறமொழியாளரிடம் முதல் நாளே ஓர் அறிவுரை சொல்லப்படுகிறது: “முதலில் எழுத்துத் தமிழைச் செம்மையாகக் கற்றுக்கொள்ளுங்கள், பேச்சு தானாக வந்துவிடும்.” பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிலும், தனிப்பயிற்சி ஆசிரியர்களிடத்தும், தேர்வுக்கான கையேடுகளிலும் இது ஐயமற்ற உண்மைபோல் நிலைபெற்றுள்ளது. இதைச் சொல்பவர்களில் ஒருவர்கூட அந்த வழியில் தமிழ் கற்றவர் அல்லர். அவர்கள் ஐந்து வயதுக்கு முன்பே பேச்சைப் பெற்று, பிறகு பள்ளியில் எழுத்தைக் கற்றவர்கள். தாங்கள் நடந்த பாதையைத் தலைகீழாக்கிப் பிறருக்குப் பரிந்துரைப்பது எவ்வளவு விந்தையானது என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்ததில்லை.

இது வகுப்பறைக் கோட்பாட்டுச் சண்டை மட்டுமன்று. தமிழறிவு இல்லாமல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்பவர் இரண்டு ஆண்டுகளுக்குள் தமிழ்மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் இந்திய ஆட்சிப் பணியினர் முசௌரியில் தமிழ் படிக்கிறார்கள். மைசூரில் தென்மண்டல மொழி மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் மாதக்கணக்கில் தங்கித் தமிழ் கற்கிறார்கள். இவர்களுக்குத் தேர்வு என்பது வேலையோடும் ஊதியத்தோடும் பிணைந்த ஒன்று. தவறான வரிசையில் கற்பித்ததன் விலையை ஆசிரியர் கொடுப்பதில்லை, கற்பவரே கொடுக்கிறார்.

‘பேச்சு தானாக வரும்’ என்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எழுத்து வடிவத்திலிருந்து பேச்சு வடிவத்தின் ஒலியைப் பெரும்பாலும் விதிகளால் வருவிக்கலாம். சொல்லின் இறுதியில் நிற்கும் லகர ளகரங்கள் விழும். ஈற்று மகர னகரங்கள் தேய்ந்து முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கும். தனி மெய்யைத் தொடர்ந்து அகரமோ ஐகாரமோ வந்தால் முதலசையின் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். ஆகவே ‘இடம்’ என்பது ‘எடம்’ என்றும், ‘குடை’ என்பது ‘கொட’ என்றும் ஒலிக்கும். இவ்விதிகளை ஒரு வாரத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் தேர்வு எழுதுபவருக்கு வேண்டியது பெரும்பாலும் இதன் எதிர்த்திசை. காதில் விழுவது பேச்சு. தாளில் எழுத வேண்டியது எழுத்துத் தமிழ். அந்தத் திசையில் இவ்விதிகள் கைவிடுகின்றன, ஏனெனில் பல வடிவங்கள் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கேட்டுணரும் பகுதியில் இப்படி ஒரு தொடர் வருவதாகக் கொள்ளலாம்: “அவ வந்தா சொல்லு. நேத்து வந்தா, ஒண்ணும் சொல்லாம போய்ட்டா.” எழுத்துத் தமிழ் மட்டும் கற்ற ஒருவர் இரண்டு ‘வந்தா’க்களையும் ஒரே சொல்லாகவே கேட்பார். முதலாவது ‘வந்தால்’, இரண்டாவது ‘வந்தாள்’. லகரமும் விழுந்தது, ளகரமும் விழுந்தது. எஞ்சியது ஒரே ஒலி. பொருளைப் பிரித்துக் காட்டுவது அச்சொல்லின் ஒலியன்று, அதன் சூழல்: முதல் வாக்கியத்தில் பின்தொடரும் ஏவல், இரண்டாவதில் முன்நிற்கும் ‘நேத்து’. ஆகவே சரியான விடை, “அவள் வந்தால் சொல். நேற்று வந்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்” என்பது. இந்தப் பகுப்பை ஒலிவிதிகளின் பட்டியல் தராது. நூற்றுக்கணக்கான பேச்சுத் தொடர்களைக் கேட்டுப் பழகிய காதே தரும். அந்தப் பழக்கத்தைத்தான் ‘பிறகு தானாக வரும்’ என்று ஒத்திப்போடுகிறார்கள்.

இதே தொடரை ஓர் ஆணைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும்? “அவன் வந்தா சொல்லு. நேத்து வந்தான்” என்பதில், இயல்பான பேச்சில், ‘அவன்’, ‘வந்தான்’ இரண்டின் ஈற்று னகரமும் முழுமையாக ஒலிப்பதில்லை, உயிர் மட்டும் மூக்கின் வழியாக வருகிறது. அவனுக்கும் அவளுக்கும் இடையே பேச்சில் நிற்கும் வேறுபாடு அந்த மூக்கொலி ஒன்றே. இங்கே இந்தி பேசும் மாணவருக்கு இயற்கையான ஒரு நன்மை உண்டு. இந்தியில் ‘ஹை’ என்பது ஒருமை; அதையே மூக்கொலியோடு சொன்னால் பன்மை. அவர் காது இந்த வேறுபாட்டைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறியும். ஆனால் தமிழ் வகுப்பில் நடப்பது என்ன? “னகரத்தைத் தெளிவாக உச்சரியுங்கள்” என்று ஆசிரியர் திருத்துகிறார். தாமும் வகுப்பில் மட்டும் அப்படியே உச்சரிக்கிறார். ஆறு மாதம் கழித்துத் தெருவில் இறங்கும் மாணவர், யாருமே னகரத்தை உச்சரிக்காத ஓர் ஊரில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியாமல் திகைக்கிறார். இருந்த திறமையைக் கற்பித்தல் முடக்கிவிட்டது.

இவை ஒலியைப் பற்றியவை. ஒலியோடு நிற்காத வேறுபாடுகளும் உண்டு. ‘செம்மையைக் கற்றால் போதும்’ என்ற வாதம் அங்கேதான் முற்றாக உடைகிறது. எழுத்துத் தமிழில் ‘அவர்’ இருபாலுக்கும் பொதுவான மதிப்புச் சொல். ஆட்சியர் ஆணாயினும் பெண்ணாயினும் “அவர் வந்தார்” என எழுதலாம். பொதுப் பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்பது ஆணுக்கே உரியது. மதிப்புக்குரிய பெண்ணுக்கு ‘அவங்க வந்தாங்க’ என்றே வரும். ஒலிவிதியை மட்டும் நம்பிய மாணவர் பெண் ஆட்சியரைப் பற்றி வாய்மொழித் தேர்வில் “அவரு வந்தாரு” என்பார். தேர்வாளருக்குச் சிரிப்பு வரும், மதிப்பெண் குறையும். ஆனால் அம்மாணவர் தமக்குக் கற்பித்ததைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார். ‘அவங்க’ என்பதன் மூலவடிவம் ‘அவர்கள்’. அது எழுத்தில் பெரும்பாலும் பன்மையாகவே பயில்வது. ஒலி மாறும்போது இலக்கணப் பணியும் சேர்ந்து மாறியிருக்கிறது. இதை எந்த ஒலி வாய்ப்பாட்டாலும் வருவிக்க முடியாது. தென் மாவட்டங்களின் ‘அவுக வந்தாக’ இதற்கு மேலும் ஒரு படி.

இங்கே வழக்கமான மறுப்பு எழும்: பேச்சுத் தமிழ் என்று ஒன்று உண்டா? மதுரைப் பேச்சா, கோவைப் பேச்சா, எந்தச் சாதியின் பேச்சு? இலக்கணம் இல்லாத ஒன்றை எப்படிக் கற்பிப்பது? மறுப்பு பழையது, அதற்கான விடை அதைவிடப் பழையது. வீரமாமுனிவர் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் என்று அவர் குறித்த பேச்சு வழக்கின் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டு 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அயல்நாட்டிலிருந்து வந்து வளர்ந்த வயதில் தமிழ் கற்ற ஒருவருக்கு இரண்டும் வேண்டும் என்பது அன்றே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஹெரால்டு ஷிஃப்மன் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1999இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. வட்டாரமும் சாதியும் கடந்து, படித்தவர்கள் தம்முள் கலந்து பேசும்போதும் திரைப்படங்களிலும் கேட்கும் பொதுப் பேச்சையே அந்நூல் விளக்குகிறது. வேறுபாடுகள் இருப்பதால் பொது வடிவம் இல்லை என்று முடிவு கட்டினால், உலகின் எந்த மொழியையும் எவருக்கும் கற்பிக்க முடியாது.

எதிர்முனையில் நிற்பவர்களையும் சும்மா விடலாகாது. ‘முப்பது நாளில் பேச்சுத் தமிழ்’ வகுப்புகள் எழுத்தையே தொடுவதில்லை. அங்கே பயின்றவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார். ‘எடம்’ என்று எழுதித் திருத்தப்பட்டதும், எகரம் கேட்ட இடமெல்லாம் இகரம் போடத் தொடங்குவார். ‘செலவு’ என்ற சரியான சொல் அவர் தாளில் ‘சிலவு’ ஆகும். (தமிழ்நாட்டு மளிகைக் கணக்குகளிலும் அதே ‘சிலவு’ உண்டு என்பது வேறு செய்தி.) ‘தொட’ என்று கேட்டால் அது ‘தொடை’யா ‘துடை’யா என்பதைச் சொற்பொருள் அறிந்து முடிவுசெய்ய வேண்டும். அதற்கு எழுத்து வடிவம் பேச்சு வடிவத்தோடு இணையாக, முதல் வாரத்திலிருந்தே, ஒரே ஏட்டில் இருந்திருக்க வேண்டும்.

இனி மதிப்பீடு. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கிறார்: “நேத்து எங்க போனீங்க?” ஒருவர் “ஆபீசுக்குப் போனேன்” என்கிறார். மற்றவர் “நான் நேற்று அலுவலகத்திற்குச் சென்றேன்” என்கிறார். இரண்டாமவருக்கே கூடுதல் மதிப்பெண் தர நம் கல்வியாளர் பலருடைய கை துடிக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு அந்தக் கேள்வியின் தமிழிலேயே விடை சொன்னவர் முதலாமவர். இரண்டாமவர் சொன்னது மேடையிலும் செய்தியறிக்கையிலும் பொருந்தும் வாக்கியம். தேர்வாளர் வீட்டில் எவரேனும் அப்படி விடை சொன்னால் அதைக் கேலி என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

எழுத்துத் தேர்வில் நிலைமை வேறு. அங்கே ‘அவ வந்தா’ என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பது முறையே. ஆனால் எதற்காகக் குறைக்கிறோம் என்ற தெளிவு வேண்டும். ‘அவ வந்தா’ என்று எழுதியவருக்குத் தமிழ் இலக்கணம் தெரியும், இடம் தெரியவில்லை. ‘நாய்கள் வந்தது’ என்று எழுதியவர், அஃறிணையில் ஒருமை பன்மை வினைவேறுபாடு இல்லாத பேச்சின் இலக்கணத்தை எழுத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். தமிழ்ப் பட்டதாரிகளும் அன்றாடம் செய்வது இது. ‘அவள் வந்தான்’ என்று எழுதியவருக்கோ தமிழ் இன்னும் பிடிபடவில்லை. மூன்றுக்கும் தலைக்கு அரை மதிப்பெண் குறைத்தால் அந்தத் தேர்வு எதையும் அளக்கவில்லை.

தேர்வு வைப்போர் உண்மையிலேயே திறனை அளக்க விரும்பினால் ஒரு வினா போதும். அலுவலக அறிவிப்பு ஒன்றைக் கொடுக்கலாம்: “வரும் ஐந்தாம் தேதி முதல் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும்.” இதை எழுத்தறியாத ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுமாறு கேட்கலாம். ஒலிவிதிகளை மட்டும் கற்றவர் “விநியோகம் நிறுத்தி வைக்கப்படும்” என்பதையே சற்றுக் குழைத்துச் சொல்லிவிட்டு நிற்பார். இரு தமிழும் கற்றவர் “அஞ்சாந்தேதிலேருந்து தண்ணி வராதாம்” என்பார். செயப்பாட்டு வினை போய்விட்டது. தாம் நேரில் அறிந்ததன்று, அறிவிப்பில் கண்டது என்பதைக் காட்டும் ‘ஆம்’ வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பதிலுக்குச் சொல்லும் குறையை ஆணையருக்கு மனுவாக எழுதச் சொல்லலாம்.