சும்மா கிடக்கும் வீட்டுக்குச் சோறு

"வீடு சும்மாதானே கிடக்கு, அது என்ன சோறா கேட்குது?" என்றார் சித்தப்பா. ரிங்லெட்டில் அவருக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வேலையில் சேர்த்த காசு; வங்கிக் கடன் முடிந்து பல வருடம் ஆகிறது. 800 வெள்ளிக்கு இருந்த வாடகைக்காரர் மாற்றலாகிப் போன பின், 650 வெள்ளிக்கு ஒருவர் கேட்டார். "800க்குக் குறைஞ்சு விடமாட்டேன்" என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். சரி, காத்திருக்கலாம், எத்தனை நாள் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டாமா? பில்களை எல்லாம் மேசையில் பரப்பி உட்கார்ந்தோம்.

முதலில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகிற பணம். மாவட்ட மன்றத்துக்குக் கட்டும் சுக்காய் பிந்து, அதாவது மதிப்பீட்டு வரி, அரையாண்டுக்கு 150, வருடத்துக்கு 300. நில வரி 40. பராமரிப்புக் கட்டணம் மாதம் 110. அதன்மேல் சேம நிதிக்குப் பத்து விழுக்காடு, 11 வெள்ளி. வருடத்துக்கு 1,452. ஆக மொத்தம் 1,792. உங்கள் பில்லில் எண்கள் வேறாக இருக்கும், வரிசை இதுதான். காலி வீடுதானே என்று பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகக் குழு வருடத்துக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி போட 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அடுத்தது, காலியாக இருப்பதனாலேயே வருகிற செலவு. ரிங்லெட்டின் குளிர் சுற்றுலாப் பயணிக்கு வரம், பூட்டிய வீட்டுக்குச் சாபம். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மழையில் ஜன்னலைத் திறக்காமல் விட்டால் அலமாரியின் உட்புறமும் மெத்தையின் அடிப்பக்கமும்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் கறுப்புப் புள்ளி தெரிவதற்கு முன்பே கதவைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை அடிக்கும். அந்த வாடையை அலட்சியம் செய்தால் அடுத்த முறை பெயிண்ட் டப்பாவோடுதான் போகவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா மாதம் இரண்டு முறை வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். ஒரு தடவைக்கு 30 வெள்ளி, வருடத்துக்கு 720. ஜன்னலையும் அலமாரிக் கதவுகளையும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பார். குளியலறைத் தரைக்குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். அந்தக் குழாய் வளைவில் நிற்கும் நீர் காய்ந்துவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் நேராக மேலே வரும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவார். குழாய் மூடியும் முள் சுற்றினால் எங்கோ கசிகிறது என்று பொருள். குளிர்ப்பெட்டியின் மின்னிணைப்பை எடுத்துவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்கிறோம்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மாதம் 20, வருடம் 240. பூஞ்சணம் கழுவி ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்க 500. காலியாக இருப்பதன் விலை 1,460. முன்னதையும் சேர்த்தால் 3,252 வெள்ளி. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

ஆனால் 650-ஐ ஏற்கலாமா என்று முடிவு செய்ய அந்த 3,252 உதவாது. வரியும் பராமரிப்பும் எப்படியும் போகும். கணக்கில் வரவேண்டியது மாதம் சுமார் 122 வெள்ளி காலிச் செலவும், வராமல் போகும் வாடகையும்தான். இன்றே 650-க்கு விட்டால் ஒரு வருடத்தில் 7,800 வரும். 800-க்குக் காத்திருந்து ஒரு மாதத்தில் ஆள் கிடைத்தால், செலவு போக 8,678, லாபம். இரண்டு மாதமானால் 7,756, ஏறக்குறைய சமம். மூன்றாவது மாதமும் காலியென்றால் 6,834. கிட்டத்தட்ட ஆயிரம் வெள்ளி நட்டம். அடுத்த வருடமும் அதே 800 நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். ரிங்லெட்டில் அப்படிச் சொல்லத் துணிவேனா? மாட்டேன்.

பலர் கோராமல் விடுகிற ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 162-ஆவது பிரிவின்படி, காலியாக இருந்த காலத்துக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கேட்கலாம். வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கவேண்டும், நியாயமான வாடகைக்கு ஆள் தேடியிருக்கவேண்டும், காலியானதும் 7 நாளுக்குள் மன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். 300 வெள்ளி வரியில் இரண்டு மாதத்துக்கு 50 வெள்ளிதான் தேறும். அக்காவின் ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. இருந்தாலும் விளம்பரத்தின் படத்தையும் சாவி வாங்கிய தேதியையும் சித்தப்பா ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்.

650 கேட்டவரிடம் 700 சொல்லிப் பார்த்தார். அவர் 680-க்குச் சம்மதித்தார். அடுத்த மாதம் குடிவருகிறார்.