ஒட்டகப் பாலில் இன்சுலின் எவ்வளவு?

ஒட்டகப் பால் சர்க்கரை நோயைக் குணமாக்கும், குடித்தால் ஊசியே வேண்டாம் என்ற பேச்சு பால் பவுடர் விற்பனையோடு சேர்ந்து ஊரெங்கும் பரவுகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம், அந்தப் பாலில் இன்சுலின் இருக்கிறது என்பதே. இருப்பது உண்மைதான். பசும்பாலிலும் இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்வதில்லை.

எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒட்டகப் பாலில் அளந்து கண்ட இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோயூனிட். அரை லிட்டரில் 0.02 யூனிட் வரும். முதல் வகை நோய் உள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30, 40 யூனிட் ஊசி தேவைப்படலாம். சிரிஞ்சில் உள்ள ஒரு யூனிட் கோட்டை எட்டவே 25 லிட்டர் பால் வேண்டும். அதுவும் குடித்த இன்சுலின் முழுதும் ரத்தத்தில் சேர்ந்தால்தான். சேராது. இன்சுலின் ஒரு புரதம். குடல் அதைச் செரித்துவிடும். 1922 இல் டொராண்டோவில் முதல் நோயாளிக்கு அதை ஊசியாகப் போட்டார்கள், இன்றும் ஊசிதான் போடுகிறார்கள்.

ஒட்டகப் பால் வயிற்றில் திரையாது, அதனால் இன்சுலின் தப்பிவிடும் என்பது அடுத்த வாதம். பால் கெட்டியாக உறைவதில் பங்குள்ள கப்பா கேசின் பசும்பாலைவிட ஒட்டகப் பாலில் மிகக் குறைவு. அதனால் உறை ஊற்றினால் கத்தியால் வெட்டும்படி கெட்டித் தயிர் ஆகாமல், குழைந்து தளர்ந்து நிற்கும். இளகிய திரளைச் செரிப்பது இன்னும் எளிது. அதில் இன்சுலின் தப்பிப் பிழைக்க வழியேது?

கொழுப்பும் லாக்டோஸும் இரண்டு பாலிலும் ஏறக்குறைய ஒன்றே. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது மாற்று என்று விற்பது அப்பட்டமான தவறு. பசும்பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் ஒட்டகப் பாலில் இல்லை என்பது மெய்யான வேறுபாடு. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்கு இது ஒத்துக்கொள்வதுண்டு; ஆனாலும் மருத்துவர் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். கரோட்டின் இல்லாததால் நிறம் வெளுப்பு. தீவனத்தையும் தண்ணீரையும் பொறுத்துச் சற்றே உப்புக் கரிக்கும். வைட்டமின் சி பசும்பாலைவிடப் பல மடங்கு என்பதும் சரியே. அதைக் காக்கப் பச்சையாகக் குடிக்கச் சொல்வது கொடுமை. காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமி இருந்தால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வாட்டும்.

ராஜஸ்தானின் பிகானீரில் நடந்த ஆய்வுகளையும் விற்பவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அங்கே முதல் வகை நோயாளிகளுக்கு வழக்கமான ஊசியோடு சேர்த்தே தினம் அரை லிட்டர் பால் கொடுத்தார்கள். ஊசி அளவு குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். மருத்துவர் கண்காணிப்பில் குறைப்பது வேறு, விளம்பரத்தை நம்பி நிறுத்துவது வேறு. ஊசி நிறுத்தப்பட்ட குழந்தைக்கு ஓரிரு நாளிலேயே தீராத தாகமும் வாந்தியும் மூச்சில் பழ வாடையும் வரும். அது கீட்டோ அசிடோசிஸ். அந்த நேரத்தில் மருத்துவமனையில் ஏற்றும் இன்சுலின்தான் உயிரைக் காக்கும்.