அளவுப் புத்தகத்தில் ஏறாத முட்டுகள்

திருப்பதியிலும் சித்தூரிலும் எழும் கட்டடங்களின் துணை ஒப்பந்தங்களில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. பாதுகாப்பு விதிகளை மீறினால் துணை ஒப்பந்ததாரர் உடனே நீக்கப்படுவார். அதுவரை அளவெடுக்கப்பட்ட வேலைக்கு மட்டுமே பணம் தரப்படும். படிக்கும்போது இதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆபத்தான வேலையை நிறுத்தத்தான் வேண்டும். செய்யாத வேலைக்குப் பணம் கேட்பதும் நியாயமில்லை. ஆயினும் இவ்வாசகம் நடைமுறைக்கு வரும் நாளில், ஆபத்தை உண்டாக்கியவர் தப்பிவிடுகிறார். ஆபத்தின் கீழே நின்று வேலை செய்தவர் தண்டிக்கப்படுகிறார். இந்த விந்தை எங்ஙனம் நிகழ்கிறது என்பது அளவெடுக்கும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

கட்டட வேலைகளை அளக்க இந்தியாவில் பின்பற்றப்படும் தரநிலை ஐ.எஸ். 1200. அதன்படி சென்ட்ரிங் வேலை, கான்கிரீட்டைத் தொடும் பரப்பைக்கொண்டு சதுர மீட்டரில் அளக்கப்படுகிறது. பலகையின் கீழே எத்தனை முட்டுகள் நிற்கின்றன, அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டுகள் உண்டா, முட்டின் அடியில் உறுதியான பலகை இருக்கிறதா, அல்லது இரண்டு செங்கல் மட்டும் இருக்கிறதா என்பவை அளவுக்குள் வருவதில்லை. அவையனைத்தும் விலைக்குள் அடக்கம் என்று ஒற்றை வரியில் முடிக்கப்படுகின்றன. சாரத்தின் நிலையும் பெரும்பாலும் இதுவே. ஆகவே பத்து முட்டு நிறுத்துபவருக்கும் ஆறு முட்டு நிறுத்துபவருக்கும் ஒரே தொகைதான் கிடைக்கிறது. குறைந்த விலைக்கு வேலையை ஏற்ற மேஸ்திரி எங்கே சிக்கனம் பிடிப்பார் என்பதை ஊகிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அளக்கப்படாத இடத்தில்தான் பிடிப்பார்.

ஒரு கணக்கை உதாரணமாக அமைத்துப் பார்க்கலாம். திருப்பதியின் புறநகரில் ஒரு விடுதிக் கட்டடம். 200 சதுர மீட்டர் தளம். சென்ட்ரிங் வேலையைச் சதுர மீட்டருக்கு 400 ரூபாய் வீதம் ஒரு மேஸ்திரி ஏற்கிறார். அவரிடம் 12 பேர், நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலிக்கு, 8 நாள் வேலை செய்கின்றனர். மொத்தக் கூலி 76,800 ரூபாய். வேலை முழுவதும் முடிந்தால் மேஸ்திரிக்கு வரவேண்டியது 80,000 ரூபாய். முன்பணமாகப் பெற்ற 30,000 ரூபாயை அவர் கூலியிலேயே கொடுத்துவிட்டார். பாக்கி 46,800 ரூபாய்.

முதல் 120 சதுர மீட்டருக்குக் கான்கிரீட் இட்டாகிவிட்டது. மீதி 80 சதுர மீட்டருக்குப் பலகையும் முட்டும் நிற்கின்றன, கான்கிரீட் இடவில்லை. எட்டாம் நாள் மாலை முதன்மை ஒப்பந்ததாரரின் பொறியாளர் வருகிறார். குறுக்குக் கட்டு இல்லை, தள விளிம்பில் தடுப்பு இல்லை, இடுப்புவார் இல்லை என்று எழுதி, மேஸ்திரியை நீக்குகிறார். பில் போடப்படுகிறது. அளந்தது 120 சதுர மீட்டர், 48,000 ரூபாய். முன்பணம் கழித்தால் 18,000. பாதுகாப்பு மீறலுக்கு அபராதம் 10,000. கைக்கு வருவது 8,000 ரூபாய். பன்னிரண்டு பேருக்குச் சேரவேண்டிய 46,800 ரூபாயில் 38,800 ரூபாய்க்கு இனி வழியில்லை. மேஸ்திரி கைபேசியை அணைத்துவிட்டு ஊர் போய்விடுகிறார்.

இங்கே கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. முதல் 120 சதுர மீட்டருக்குக் கான்கிரீட் இட அனுமதி அளித்தவர் யார்? அப்போதும் முட்டுகள் அப்படித்தானே நின்றன? தளத்தின் உத்தரவுப் புத்தகத்தைப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும். முதல் நாளிலிருந்தே எச்சரிக்கைகள் தேதியுடன் பதிவாகி, திருத்தக் கெடு கொடுக்கப்பட்டு, அதன்பின் நீக்கம் நிகழ்ந்திருந்தால் அது பாதுகாப்பு நடவடிக்கை. எட்டு நாள் ஏடு வெறுமையாகக் கிடந்து, பில் போடும் நாளில் மட்டும் விதிமீறல் கண்ணில் பட்டிருந்தால் அது பாதுகாப்பன்று, கழிவு.

நிற்கும் 80 சதுர மீட்டருக்குப் பணம் தரவேண்டுமா என்பதற்கு ஒரே விடை இல்லை. அதைப் பயனற்றதென முழுவதும் பிரித்தெறிய நேர்ந்தால், மேஸ்திரிக்கு அதற்குரிய விலையை மறுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மறுநாள் வரும் புதிய ஆட்கள் அதே பலகையை வைத்துக்கொண்டு, குறுக்குக் கட்டை மட்டும் சேர்த்துக் கான்கிரீட் இட்டால், அந்த உழைப்பின் பயனை முதன்மை ஒப்பந்ததாரர் இலவசமாகப் பெறுகிறார். அபராதமும் அவ்வாறே. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குறிப்பிட்ட தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான ஈட்டை மட்டுமே அனுமதிக்கிறது. இழப்பே நேராதபோது இப்பிரிவின்கீழ் ஈடு கேட்க இயலாது என்பதை கைலாஷ்நாத் வழக்கில் 2015இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆனால் இவையெல்லாம் இரண்டு ஒப்பந்ததாரர்களுக்கிடையிலான வழக்கு. தொழிலாளரின் கூலி இந்த வழக்கில் ஒரு தரப்பே அன்று. அவர் சதுர மீட்டரை விற்கவில்லை, நாளை விற்றார். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் துணை ஒப்பந்ததாரரையும் ஒப்பந்ததாரர் என்றே வரையறுத்தது. அவர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுத்து, பின்னர் அவரிடம் வசூலிக்கவேண்டும் என்று 21ஆம் பிரிவில் விதித்தது. அக்கடமை 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் 20 தொழிலாளர் என்றிருந்த வரம்பு புதிய தொகுப்பில் 50 ஆகிவிட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட மேஸ்திரிக் குழு பழைய வரம்புக்கும் வெளியேதான் நின்றது. இப்போது இன்னும் தொலைவில் நிற்கிறது.

இடைத்தரகரைக் காட்டிக் கைகழுவும் வழக்கம் புதிதன்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானங்களில், 9.25 ரூபாய்க் கூலியிலிருந்து ஜமேதார்கள் நாளொன்றுக்கு ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டனர். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒப்பந்ததாரரைக் காட்டி அரசு அமைப்புகள் தம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைப்பைப் பெறுவது அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றும் அது தீர்ப்பளித்தது. எட்டு நாள் உழைப்புக்குப் பாதிக்கும் குறைவான கூலியைப் பெற்று வெளியேறுபவரின் நிலையை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

ஆபத்தான மேஸ்திரியை நீக்கக்கூடாது என்று யாரும் வாதிடவில்லை. நீக்கப்படும் நாளில் இருதரப்பும் சேர்ந்து அளவெடுத்து, நிற்கும் முட்டையும் பலகையையும் படத்துடன் பதிந்து, கையெழுத்திடவேண்டும். வருகைப் பதிவேட்டின்படி கூலியை முதன்மை ஒப்பந்ததாரர் நேரடியாகத் தொழிலாளரின் கணக்கில் செலுத்திவிட்டு, மீதியை மேஸ்திரியோடு வழக்காடிக்கொள்ளவேண்டும். முட்டு, குறுக்குக் கட்டு, விளிம்புத் தடுப்பு ஆகியவற்றை விலைக்குள் அடக்கம் என்று புதைக்காமல், தனி இனங்களாக அளந்து தனி விலை தரவேண்டும். ஏர்ப்பேட்டில் உயர்கல்வி வளாகங்கள் எழுந்துள்ள காலம் இது. டெண்டர் வரைபவர்களுக்கும் தரநிலை கற்பிப்பவர்களுக்கும் இம்மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. பாதுகாப்பை அளக்க மறுக்கும் ஒப்பந்தம், அது இல்லை என்று சொல்லிக் கூலியைப் பிடிக்கும் உரிமையை இழந்துவிடுகிறது.