மொதலைக்கும் உண்டு இலக்கணம்

எங்கள் குடியிருப்பில் பொங்கலை ஒட்டிச் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தார்கள். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் பயமில்லாமல், "அந்தக் கொரங்கு மொதலை முதுகுல ஏறிக்கிச்சு" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கூட்டம் ரசித்தது. கதை முடிந்ததும் நடுவர் எழுந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். "கொரங்கு, மொதலை என்பதெல்லாம் கொச்சை. பேச்சுத்தமிழ் என்பது சோம்பேறி நாக்கு சிதைத்த தமிழ். அதற்கு இலக்கணம் கிடையாது" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதற்கும் பலத்த கைதட்டல். அடுத்த அரைமணி நேரத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு வந்த அதே ஐயா, "எலை போட்டாச்சா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

நடுவரை விடுங்கள், அந்தக் கைதட்டல்தான் என்னை உறுத்துகிறது. நம்மில் பெரும்பாலோர் இதை நம்புகிறோம். வீட்டில் பேசுவது உடைந்த தமிழ், புத்தகத்தில் இருப்பது முழுத் தமிழ். முன்னதற்கு விதி இல்லை, வாய்க்கு வந்ததுதான் என்று. தினமும் பேசுகிற மொழியைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அந்தச் சிறுமி சொன்ன ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். முதலையை மொதலை என்றாள். ஆனால் முதுகை மொதுகு என்று சொல்லவில்லை. இரண்டும் 'மு'வில் தொடங்கும் சொற்கள்; இரண்டிலும் அடுத்து வருவது தகர மெய். ஒன்று மாறியது, மற்றது மாறவில்லை. நாக்கு சோம்பேறி என்றால் முதுகில் மட்டும் அதற்கு எங்கிருந்து சுறுசுறுப்பு வந்தது? தமிழ்நாட்டில் மொதலை என்று பேசுகிற ஊர்களில் போய்த் தேடிப் பாருங்கள். படிப்பே இல்லாத பாட்டியானாலும் சரி, மொதுகு வலிக்கிறது என்று யாரும் சொல்லக் கேட்க மாட்டீர்கள்.

காரணம் எளிது. சொல்லின் முதல் எழுத்தில் குறில் இகரமோ உகரமோ இருக்க வேண்டும். அதற்கு அடுத்து ஒரே ஒரு மெய் வர வேண்டும். அந்த மெய்யின் மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால் பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலை, விலை வெலை, கிணறு கெணறு, விறகு வெறகு, நிலம் நெலம். குடம் கொடம், உரல் ஒரல், புகை பொகை, குரங்கு கொரங்கு, முதலை மொதலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாற்றம் நடக்காது. முதுகில் தகரத்தின் மேல் இருப்பது உகரம்; ஆகவே முதுகு முதுகாகவே இருக்கிறது. கிளி கெளி ஆகாது, புலி பொலி ஆகாது, குடும்பம் கொடும்பம் ஆகாது. இடையில் இரண்டு மெய்கள் நின்றாலும் கதவு அடைத்துக்கொள்ளும்: குப்பை கொப்பை ஆகாது, சிங்கம் செங்கம் ஆகாது, சுண்டல் சொண்டல் ஆகாது.

ஏன் இப்படி? இகரத்தையும் உகரத்தையும் சொல்லும்போது நாக்கு மேலே எழும்பி, வாய் அதிகம் திறக்காமல் இருக்கும். அகரத்துக்கு வாய் திறந்தாக வேண்டும். அடுத்து வாய் திறக்கப்போகிறது என்பதால் முன்னால் நிற்கும் உயிரும் சற்றுத் திறந்துகொள்கிறது. சற்றுத் திறந்த இகரம் எகரம், சற்றுத் திறந்த உகரம் ஒகரம். நடுவர் ஐயா சோம்பேறித்தனம் என்று சொன்னது இந்த ஒழுங்கைத்தான்.

இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு, அவையும் கண்டபடி இல்லை. மூன்று நிபந்தனைகளும் பொருந்தியும் 'இவன்' என்ற சொல் மாறுவதில்லை. மாறினால் அது 'எவன்' ஆகிவிடும்; வீட்டுக்கு வந்தவனைக் காட்டி "எவன் வந்திருக்கான்" என்று சொன்னால் சண்டைதான் வரும். இதயமும் எதயம் ஆவதில்லை. அது ஏட்டின் வழியும் பாட்டின் வழியும் வந்த சொல், வீட்டுப் பேச்சில் புழங்கித் தேய்ந்த சொல் அல்ல. ஆக, நடுவர் இல்லை என்று சொன்ன இலக்கணத்தில் விதியும் இருக்கிறது, விலக்கும் இருக்கிறது. அதைப் பள்ளிக்குப் போகும் முன்பே அந்தச் சிறுமி கற்று முடித்துவிட்டாள். தேர்வு வைத்தால் நடுவர்தான் தோற்பார்.

இன்னொரு செய்தியும் அவருக்குச் சொல்ல வேண்டும். பெங்களூருக்குப் போனால் கன்னடத்தில் இலைக்கு எலெ, விலைக்கு பெலெ, குடைக்கு கொடெ. முதலைக்கு மொசளெ. தெலுங்கிலும் அது மொசலிதான். இவை அங்கே பாடப்புத்தகத்தில் அச்சாகும் சொற்கள். ஓசூரைத் தாண்டினால் இலக்கணம், ஓசூருக்கு இந்தப் பக்கம் கொச்சை என்பது என்ன கணக்கு?

பேச்சும் எழுத்தும் இப்படிப் பிரிந்து வாழ்வதை மொழியியலார் இரட்டை வழக்கு என்கிறார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் தொடக்கம். அரபு, சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி, கிரேக்கம் ஆகிய நான்கையும் வைத்து அவர் விளக்கினார். எழுதும் வழக்குக்கு உயர் வழக்கு என்றும் பேசும் வழக்குக்குத் தாழ் வழக்கு என்றும் அவர் வைத்த பெயர் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கண்டு சொன்ன ஒன்று நமக்கு அப்படியே பொருந்துகிறது. இத்தகைய சமூகங்களில் மக்கள் தாங்கள் நாள் முழுதும் பேசுவதை ஒரு மொழியாகவே கணக்கில் வைப்பதில்லை என்றார். நம் நடுவர் அதற்குச் சாட்சி. கிரேக்கர்கள் 1976இல் பேச்சு வழக்கை ஒட்டிய மொழியையே கல்விக்கு உரியதாக ஆக்கினார்கள். ஹோமரின் மொழிக்கு வாரிசு என்று பெருமை பேசுகிறவர்கள்தான் அவர்கள். வானம் இடிந்து விழவில்லை.

நம்மவர்கள் உடனே தொல்காப்பியரைத் துணைக்கு அழைப்பார்கள். தாராளமாக அழைக்கட்டும். வழக்கையும் செய்யுளையும் இரண்டையும் ஆராய்ந்து எழுதிய நூல் என்றுதான் அதன் பாயிரமே சொல்கிறது. அங்கே வழக்குதான் முதலில் நிற்கிறது. சரி, நடுவர் ஐயா மேடையில் முழங்கிய "வருகிறேன், செல்கிறேன்" என்பதில் வரும் 'கிறு' என்ற நிகழ்கால இடைநிலையைத் தொல்காப்பியம் சொல்லியிருக்கிறதா? இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து நன்னூலில் பவணந்தியார் ஆநின்று, கின்று, கிறு என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டார். மக்கள் பேசினார்கள், புலவர்கள் எழுதினார்கள், இலக்கணக்காரர் கடைசியாக வந்து பதிவு செய்தார். அன்று நம் நடுவர் இருந்திருந்தால் 'வருகிறேன்' என்று சொன்ன பிள்ளைக்கும் மதிப்பெண் போயிருக்கும்.

பேச்சுக்கு இலக்கணம் இல்லை என்ற இந்த நம்பிக்கையால் படும் பாடு கொஞ்சமா? தமிழ் கற்க வருகிற வெளிமாநிலத்துக்காரருக்கு "நான் சென்றுகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். அவர் கோயம்பேட்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்கிறார். ஆட்டோக்காரர் சிரிக்கிறார். ஆட்டோக்காரர் பதிலுக்குச் சொல்வது இவருக்கு ஒரு சொல்லும் புரிவதில்லை. ஆறு மாதம் படித்தது தமிழா என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிடுகிறது. பேச்சுத்தமிழுக்கு முறையான இலக்கணம் வேண்டும் என்று தேடுகிறவர், ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்கர் 1999இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. நாம் இல்லை என்று சாதிக்கும் இலக்கணத்தைக் கடல் கடந்து ஒருவர் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டார்.

மொழிமாற்றுத் தொடர்களில் அடுப்படியில் நிற்கிற மருமகள் மாமியாரிடம் "தாங்கள் என்ன கூறுகிறீர்கள்?" என்கிறாள். எந்த வீட்டு அடுப்படி அது? இதைக் கண்டு கூசாத காது, மொதலையைக் கேட்டுக் கூசுகிறது. கதைப் போட்டி நடந்த அதே மேடையில் அமைப்பாளர் "சாரோட ஸ்பீச் ரொம்ப பிரில்லியண்ட்" என்று சொன்னபோது நடுவர் புன்னகைத்தபடி பொன்னாடையை வாங்கிக்கொண்டார். ஆங்கிலம் நாகரிகம், ஆத்தாள் பேசுவது கொச்சை.

யார் பேசினால் கொச்சை என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு சாதியார் பேசுவது திரையில் நகைச்சுவை, இன்னொரு சாதியார் பேசுவது குடும்பப் பாங்கு. சென்னைக் குப்பத்துத் தமிழைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் நாக்கைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தால் நாம் அப்பாவிகள். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சம்சாரிகளின் சொற்களைத் தேடித் திரட்டி அகராதியாகப் போட்டார். அவர்கள் பேச்சை அப்படியே கதையில் வைத்தார். 1991இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. விருது கிடைத்த பிறகு அது 'வட்டார வழக்கு'. விருது வாங்காத பேத்தி பேசினால் கொச்சை. தெலுங்குக்காரர்கள், பேச்சு வழக்குக்காக வாழ்நாள் முழுதும் போராடிய கிடுகு ராமமூர்த்தி பிறந்த ஆகஸ்ட் 29ஐத் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாம் அவருக்கும் மதிப்பெண் குறைத்து அனுப்பியிருப்போம்.

எழுத்துத்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தூத்துக்குடிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் ஒரே பக்கத்தைப் படிக்க அது வேண்டும். அதற்காகப் பேச்சைப் பழிக்க வேண்டியதில்லை. இரண்டு வழக்கு, இரண்டு இலக்கணம். எது எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

ஆகவே தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை "எலை" என்றால் "தப்பு" என்று உட்கார வைக்காதீர்கள். "பேசும்போது எலை, எழுதும்போது இலை" என்று சொல்லுங்கள். எந்தெந்தச் சொல் இப்படி மாறுகிறது, எது மாறவில்லை என்று வீட்டிலிருந்து பட்டியல் எடுத்து வரச் சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகளே விதியைக் கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். நன்னூலை மனப்பாடம் செய்வதைவிட இலக்கணம் என்றால் என்ன என்பது அன்றைக்கு அவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.