எல்லாப் பழியும் லாக்டிக் ஆசிட் மேலயா?

1/ ஜிம் போற தம்பி தங்கச்சிகளுக்கும் அவங்களுக்குச் சொல்லித்தர்றவங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். பொறுமையா கடைசி வரை படிங்க.

2/ கடியப்பட்டணத்துல இருந்து 22 வயசுப் பையன் ஒருத்தன் எங்க ஓ.பி.க்கு வந்தான். ஜிம்ல சேர்ந்த முதல் நாளே 200 ஸ்குவாட். தொடை எரிஞ்சப்போ "லாக்டிக் ஆசிட்தான், விடாதே"ன்னு சொல்லியிருக்காங்க. மறுநாள் கால மடக்க முடியல. "ஆசிட் தேங்கி நிக்குது, இன்னும் நாலு செட் போட்டா கரைஞ்சிரும்"ன்னு சொல்லியிருக்காங்க. அதையும் போட்டிருக்கான். மூணாவது நாள் என்கிட்ட, "சார், மூத்திரம் கட்டஞ்சாயா மாதிரி போவுது."

3/ செட் போடும்போது வர்ற எரிச்சல், மறுநாள் வலி, கறுத்த மூத்திரம். மூணும் வேற வேற. மூணுக்கும் ஒரே பேர் வெச்சதுதான் இங்க நடந்த தப்பு.

4/ முதல்ல எரிச்சல். 20 தடவை விடாம தூக்கும்போது, இறுகுற தசை தன் ரத்தக்குழாயையே நெரிக்குது. சக்தி அவசரமா வேணும். தசை குளுக்கோஸை வேகமா உடைக்குது. அந்த வேகத்துல ஹைட்ரஜன் அயனிகள் சேருது. ஓய்வுல 7-ஐ ஒட்டி இருக்குற தசையோட pH, ஓஞ்சுபோற நேரத்துல 6.5 வரை இறங்கும். அதாவது அமிலத்தன்மை கூடுது.

5/ "அப்போ அது லாக்டிக் ஆசிட்தானே?" இல்ல. நம்ம உடம்போட pH-ல லாக்டிக் ஆசிட் அப்படியே இருக்க முடியாது. கிட்டத்தட்ட முழுக்க லாக்டேட்டாதான் இருக்கும். பைருவேட் லாக்டேட்டா மாறுற அந்தப் படியில ஒரு ஹைட்ரஜன் அயனி உள்ளதான் இழுக்கப்படுது. அந்தப் படி நடக்கலைன்னா குளுக்கோஸை உடைக்கிற வேலையே நின்னுபோகும். நீங்க இன்னும் சீக்கிரம் படுத்துருவீங்க.

6/ சாட்சி வேணுமா? 1951-ல பிரயன் மெக்ஆர்டில்ங்கற டாக்டர் ஒரு நோயாளியைப் பத்தி எழுதினார். இந்த நோய் இருக்குறவங்க தசையால சேமிச்ச கிளைக்கோஜனை உடைக்க முடியாது. உடற்பயிற்சி செஞ்சாலும் லாக்டேட் ஏறாது. ஆனா கொஞ்ச நேர வேலையிலேயே தசை வலிக்கும், இறுகிப்போகும். லாக்டேட்தான் வில்லன்னா இவங்களுக்கு வலியே வரக்கூடாதே?

7/ அதுக்காக லாக்டேட்டுக்கு எரிச்சல்ல பங்கே இல்லைன்னு சொன்னா அதுவும் தப்பு. 2014-ல யூட்டா பல்கலைக்கழக ஆய்வுல 10 பேரோட கட்டைவிரல் தசையில ஊசி போட்டுப் பார்த்தாங்க. அமிலம் தனியா, லாக்டேட் தனியா, ATP தனியா போட்டப்போ ஒண்ணும் தெரியல. மூணையும் சேர்த்துப் போட்டதும் முதல்ல அசதி, அளவைக் கூட்டினதும் வலியும் சூடும். தசையில இருக்குற நரம்புமுனைகள் மூணும் சேர்ந்து வந்தாத்தான் மணி அடிக்கும்.

8/ அப்போ அந்த எரிச்சல் என்ன சொல்லுது? "இந்த வேகத்துக்கு என்னால ஈடு கொடுக்க முடியல"ன்னு. நிறுத்தினா ரத்தம் பாயும், சில நிமிஷத்துல போயிரும். நம்ம ஊர்ல கரமடி இழுக்குறவங்களைக் கேளுங்க. கை எரியும், கொஞ்சம் நின்னு மூச்சு விட்டா சரியாகும்.

9/ வெளிய வந்த லாக்டேட் கழிவும் இல்ல. இதயமும் பக்கத்துத் தசைகளும் அதை எரிபொருளா எரிக்கும். மிச்சத்தை கல்லீரல் மறுபடி குளுக்கோஸா மாத்தும். கோரி தம்பதி கண்டுபிடிச்ச சுழற்சி இது. அவங்களுக்கு 1947-ல நோபல் கிடைச்சது. கடும் பயிற்சிக்கு அப்புறமும் சுமார் ஒரு மணி நேரத்துல ரத்தத்துல லாக்டேட் பழைய நிலைக்கு வந்துரும்.

10/ ஆக, மறுநாள் காலையில தேங்கி நிக்க அங்க லாக்டேட்டே இல்ல. அந்த வலி, பழக்கமில்லாத வேலையில தசைநார்கள்ல விழுந்த நுண்ணிய காயத்தோட வலி. ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். "லாக்டிக் ஆசிட் வெளியேத்துற" மசாஜுக்கும் பவுடருக்கும் வெளியேத்த அங்க ஒண்ணுமில்ல.

11/ கறுத்த மூத்திரம் வேற கதை. தசை செல்கள் கூட்டமா உடைஞ்சு, உள்ள இருந்த மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்குப் போகுது. பேரு ராப்டோமயோலிசிஸ். அந்தப் பையனோட மூத்திரத்துல ஸ்ட்ரிப் "ரத்தம்"னு காட்டுச்சு. மைக்ராஸ்கோப்ல பார்த்தா சிவப்பணுவே இல்ல. அதுதான் அடையாளம். 200 பக்கத்துல இருக்க வேண்டிய CK 40,000-ஐத் தாண்டியிருந்தது.

12/ சலைன் ஏத்தி, மூத்திர அளவையும் பொட்டாசியத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தோம். அஞ்சாம் நாள் நடந்து போனான். டயாலிசிஸ் வரை போகல. இன்னும் ரெண்டு நாள் "கரைச்சிருந்தா" என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது.

13/ எரிச்சல் நிறுத்தினா போகும். வலி மூணு நாள்ல குறையும். ஆனா மூத்திரம் கறுத்தா, அளவு குறைஞ்சா, தசை வீங்கி பலமிழந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வலி மாத்திரை போட்டு மறைக்காதீங்க, அதுவே சிறுநீரகத்துக்குக் கூடுதல் அடி.

டிரெய்னர் அண்ணன்களே, அடுத்த தடவை "லாக்டிக் ஆசிட்"னு சொல்றதுக்கு முன்னாடி "மூத்திரம் என்ன கலர்ல போகுது தம்பி?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.